சின்னப் பெட்டி டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு: எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் எதுவரை இடம் கொடுக்கும்?

அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லிப் பெட்டிகள். வாங்கியதும் பலருக்கு வரும் அடுத்த கேள்வி, இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்பது. இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. "எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாமே கம்பெனியோட சொந்த டிசைன், ஒண்ணும் போட முடியாது" என்பது ஒன்று. "75 வாட்டுக்குள்ள இருக்கிற எந்தக் கார்டும் போகும்" என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். முதல் பதிலை நம்பினால் ஓடக்கூடிய கார்டையும் வாங்காமல் விட்டுவிடுவீர்கள். இரண்டாவதை நம்பினால் பெட்டிக்குள் நுழையாத கார்டை வாங்கிவைத்துக்கொண்டு விழிப்பீர்கள்.

தனி வடிவ எஸ்எம்பிஎஸ் கார்டைத் தடுப்பதில்லை. கார்டுக்கு ஸ்லாட் தருவதற்கு மேல் மின்சாரம் கொடுக்கும் வழியைத்தான் அது அடைக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் கார்டுகளுக்கு உங்கள் பெட்டி இடம் கொடுக்குமா என்பதை நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்: எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமிருக்கும் வாட், ஸ்லாட்டின் மின் வரம்பு, ஸ்லாட் இருக்கும் இடம், பயாஸ். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வருவது ஆப்டிப்ளெக்ஸ் 7050 எஸ்எஃப்எஃப். ஐ5-7500 பிராசஸரும் 180 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் கொண்ட பெட்டி. மற்ற கம்பெனிகளின் பெட்டிகளில் எண்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

எது கம்பெனியின் சொந்த வடிவம், எது பொதுவானது

கடையில் தனியாக வாங்கும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு 24 பின் கனெக்டர் ஒன்று போகும். அதில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் தனித்தனிக் கம்பிகளில் வரும். கூடவே கிராபிக்ஸ் கார்டுக்கென 6 பின் அல்லது 8 பின் வயர், டிஸ்க்குகளுக்கென சாட்டா வயர் எல்லாம் தொங்கும்.

பிராண்டட் பெட்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. டெல் 2012-ன் ஆப்டிப்ளெக்ஸ் 7010 வரை 24 பின்னை வைத்திருந்தது. அடுத்து வந்த 9020 தலைமுறையில் அது 8 பின்னாகச் சுருங்கி, 7050 காலத்தில் 6 பின்னாகிவிட்டது. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-லிருந்து 6 பின் கனெக்டர்கள். லெனோவோவின் எம்93 வரிசையில் 14 பின், எம்910 வரிசையில் 10 பின். டெல், எச்பி இரண்டிலும் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும்தான் கொடுக்கிறது. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மதர்போர்டிலேயே தயாராகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மின்சாரம்கூட போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கனெக்டரிலிருந்துதான் வருகிறது.

பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வெளியே வரும் வயர்களை எண்ணிப் பாருங்கள். 7050 எஸ்எஃப்எஃப்பில் இரண்டே கட்டுகள்தான்: போர்டுக்கு 6 பின், பிராசஸருக்கு 4 பின். கார்டுக்கென ஒரு வயரும் இல்லை. அதனால் 6 பின் அல்லது 8 பின் கேட்கும் கார்டுகள் இந்த நொடியிலேயே பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாம் என்றால், கனெக்டர் பொருந்தாதது ஒருபுறம் இருக்க, அதன் உடலே வேறு வடிவம். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இந்தப் பெட்டிக்குள் போகவே போகாது.

ஆனால் கார்டு உட்காரும் பிசிஐஇ ஸ்லாட்டில் தனி வடிவம் எதுவும் கிடையாது. டெல் போர்டில் இருக்கும் எக்ஸ்16 ஸ்லாட்டும் தனியாக விற்கும் மதர்போர்டில் இருக்கும் எக்ஸ்16 ஸ்லாட்டும் ஒன்றே. எனவே ஸ்லாட்டிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் கனெக்டரின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்லாட்டின் 75 வாட், எல்லாப் பெட்டியிலும் 75 அல்ல

பிசிஐஇ விதிப்படி எக்ஸ்16 ஸ்லாட்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு எடுக்கக்கூடிய உச்சம் 75 வாட். இதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். மீதி 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், சுமார் 10 வாட். நவீனக் கார்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுப்பதால், நடைமுறையில் 66-ஐ ஒட்டிய எண்தான் முக்கியம்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம், இந்த 75 வாட் முழு உயரக் கார்டுக்கானது என்பது. அரை உயரக் கார்டுகளுக்கு விதி வைத்திருக்கும் எண் 25 வாட் மட்டுமே. கார்டு தயாரிப்பாளர்கள் இதைப் பொருட்படுத்தாமல் 75 வாட் அரை உயரக் கார்டுகளை விற்கிறார்கள், அவை ஓடவும் செய்கின்றன. ஆனால் பெட்டியைச் செய்த கம்பெனி தன் ஒல்லிப் பெட்டியின் ஸ்லாட்டுக்கு 75-க்குக் குறைந்த ஒரு எண்ணை எழுதிவைத்திருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது. ஒரே மாடலின் டவர் வடிவத்துக்கு ஓர் எண்ணும் எஸ்எஃப்எஃப் வடிவத்துக்கு அதைவிடச் சிறிய எண்ணும் இருப்பது சாதாரணம். இந்த எண் கம்பெனியின் தொழில்நுட்பக் கையேட்டில் விரிவாக்க ஸ்லாட் பகுதியில் இருக்கும். விற்பனைப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. கையேட்டை எடுக்கும்போது மாடல் எண்ணோடு எஸ்எஃப்எஃப் என்பதையும் சேர்த்தே பாருங்கள், டவரின் எண்ணை எடுத்துவிடாதீர்கள்.

அந்த எண்ணைத் தாண்டினால் உடனே ஏதாவது எரிந்துவிடுமா? பொதுவாக இல்லை. அந்த எண், எஸ்எம்பிஎஸ்ஸின் மொத்த வாட், போர்டின் தாமிரப் பாதை, பெட்டிக்குள் ஓடும் காற்று மூன்றையும் சேர்த்துக் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம். அதற்கு மேல் போவது உங்கள் பொறுப்பு. எங்கள் பரிந்துரை: கையேட்டில் ஓர் எண் இருந்தால் அதற்குள் நில்லுங்கள். எண் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 50 வாட் வகுப்புக் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

180 வாட்டில் மிச்சம் எவ்வளவு

வாங்குவதற்கு முன், பெட்டியின் சரியான மாடலையும் பிராசஸரையும் ஸ்லாட்டுகளையும் விண்டோஸிலேயே பார்த்துவிடலாம். பவர்ஷெல்லில் இவற்றைக் கொடுங்கள்:

```
Get-CimInstance Win32_ComputerSystem | Select-Object Manufacturer, Model
Get-CimInstance Win32_Processor | Select-Object Name
Get-CimInstance Win32_SystemSlot | Select-Object SlotDesignation, CurrentUsage
```

கடைசி வரியின் விடையில் `CurrentUsage` என்பதன் கீழ் 3 இருந்தால் அந்த ஸ்லாட் காலி, 4 இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்டை மட்டும் மென்பொருள் சொல்லாது. மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் பெட்டியில் இது மிக அவசியம். பழுதான எஸ்எம்பிஎஸ்ஸை வேறு மாடலிலிருந்து எடுத்து மாற்றியிருக்கக் கூடும், ஆகவே மாடலின் பெயரை வைத்து வாட்டை ஊகிக்கக் கூடாது.

இப்போது கணக்கு. ஐ5-7500-ன் டிடிபி 65 வாட். 6, 7-ஆம் தலைமுறை இன்டெல்லில் `K` இல்லாத பிராசஸர்கள் இந்த எண்ணை ஒட்டியே நிற்கும், கேம் ஓடும்போது பெரும்பாலும் இதற்குக் கீழேதான். போர்டு, இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஃபேன், யுஎஸ்பியில் செருகியிருப்பவை எல்லாம் சேர்த்து 30 வாட் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 95. லேபிளில் 180 இருந்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைத்து, 144 வாட்டைத்தான் தொடர்ந்து எடுக்கலாம் என்று கொள்வது நல்லது. பல வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். தவிர, கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் சராசரியைவிட அதிகம் இழுக்கும். 144-ல் 95 போனால் 49. ஆக, இந்தப் பெட்டியில் 50 வாட் கார்டு நிம்மதியாக ஓடும். 75 வாட் கார்டு போட்டால் மொத்தம் 170 வரும். ஓடலாம், ஆனால் 180 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

இதே கணக்கைப் புதிய பிராசஸருக்கு அப்படியே போடக் கூடாது. ஐ5-10400-ன் டிடிபியும் 65 வாட்தான். ஆனால் குறுகிய நேரத்துக்கு 134 வாட் வரை போக இன்டெல்லே அனுமதிக்கிறது. பெட்டிக் கம்பெனிகள் பயாஸில் இதைக் குறைத்து வைப்பதுண்டு என்றாலும், 10-ஆம் தலைமுறையிலிருந்து டிடிபியை வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து. `HWiNFO` என்ற இலவச மென்பொருளில் `CPU Package Power` என்ற வரியைத் திறந்துவைத்து, பிராசஸரை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அங்கே தெரியும் உச்ச எண்ணைக் கணக்கில் வையுங்கள்.

பெட்டிக்குள் இடம்: பெரும்பாலும் தோற்பது இங்கேதான்

மின்சாரக் கணக்கு சரியாக வந்த பிறகும் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இடத்தில்தான். எஸ்எஃப்எஃப் பெட்டி அரை உயரக் கார்டை மட்டுமே ஏற்கும். அதாவது கார்டின் போர்டு உயரம் சுமார் 69 மில்லிமீட்டர், பின்பக்க உலோகத் தகடு சுமார் 80 மில்லிமீட்டர். சாதாரணக் கார்டின் போர்டு 111 மில்லிமீட்டர். மூடி மூடாது. பல அரை உயரக் கார்டுகள் முழு உயரத் தகடு பொருத்தியபடி வரும், சின்னத் தகடு பெட்டிக்குள் தனியாக இருக்கும். பழைய கார்டு வாங்கும்போது அந்தச் சின்னத் தகடு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது தொலைந்திருந்தால் அதே கார்டுக்குரிய தகடு கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது கார்டின் தடிமன். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளுக்கு இடையே 20.32 மில்லிமீட்டர். ஒற்றை ஸ்லாட் கார்டு இதற்குள் அடங்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஆகியவற்றின் அரை உயர வடிவங்கள் பெரும்பாலும் இரட்டை ஸ்லாட். அடியில் இன்னொரு ஸ்லாட்டின் இடம் அவற்றுக்கு வேண்டும். ஆப்டிப்ளெக்ஸ் எஸ்எஃப்எஃப் வரிசையில் பல மாடல்களில், 7050-ம் அதில் சேரும், எக்ஸ்16 ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டிக் கடைசியாக இருக்கும், எக்ஸ்4 ஸ்லாட் அதற்கு உள்ளே இருக்கும். கார்டின் ஃபேன் இருக்கும் பக்கம் எஸ்எம்பிஎஸ் சுவரில் போய் முட்டும். போர்டு வடிவம் கம்பெனியின் சொந்தம் என்பதால் ஏற்படும் உண்மையான தடை இதுதான். கனெக்டரைப் பற்றிப் பேசும் பலர் இதைச் சொல்வதில்லை.

அளப்பதற்கு ஒரு ஸ்கேல் போதும். எக்ஸ்16 ஸ்லாட்டின் நடுக்கோட்டிலிருந்து, கார்டின் சிப் இருக்கும் பக்கமாக, எதிர்ப்படும் முதல் பொருள் வரை அளந்து பாருங்கள். 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரட்டை ஸ்லாட் கார்டை மறந்துவிடலாம். 20-ஐ ஒட்டியிருந்தால் ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டும், அதிலும் காற்று உள்ளே போக ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நீளத்தையும் அளந்துவிடுங்கள். பின்தகட்டிலிருந்து டிஸ்க் கூண்டு வரை எவ்வளவு இருக்கிறது என்பதோடு, போர்டில் செருகியிருக்கும் சாட்டா கேபிளின் தலை கார்டின் கீழே வருகிறதா என்பதும் முக்கியம். நேராக நிற்கும் கேபிள் தலை கார்டைத் தூக்கிவிடும். எல் வடிவத் தலை கொண்ட கேபிள் போட்டால் தீரும்.

இரட்டை ஸ்லாட் கார்டை உள்ளேயிருக்கும் எக்ஸ்4 ஸ்லாட்டில் போட்டு, அதன் தடிமன் எக்ஸ்16 ஸ்லாட்டை மறைக்கும்படி வைப்பவர்கள் உண்டு. அந்த ஸ்லாட்டின் பின்முனை திறந்திருந்தால் நீண்ட கார்டு உட்காரும். மூடியிருந்தால் உட்காராது, அதை வெட்டித் திறக்கும் வேலைக்கு நாங்கள் யாரையும் தூண்ட மாட்டோம். உட்கார்ந்தாலும் இரண்டு இழப்புகள் உண்டு. கார்டுக்கு நான்கு லேன் மட்டுமே கிடைக்கும் என்பது முதலாவது. 7050-ன் சிப்செட் பிசிஐஇ 3.0 தருவதால் நொடிக்கு ஏறக்குறைய 3.9 ஜிபி போகும், பல கேம்களுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே 9020-ல் சிப்செட்டின் லேன்கள் பிசிஐஇ 2.0, அதில் பாதிதான். இரண்டாவது, எக்ஸ்4 ஸ்லாட்டுக்குப் பிசிஐஇ விதி வைத்திருக்கும் மின்வரம்பே 25 வாட். 75 வாட் கார்டை அதில் வைப்பது போர்டு வடிவமைத்தவர் எண்ணிப் பார்க்காத வேலை.

இந்தப் பெட்டிக்கு எந்தக் கார்டு

மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும், அதாவது ஒற்றை ஸ்லாட், அரை உயரம், 50 வாட்டை ஒட்டி என்பதைச் சேர்த்தால் பட்டியல் சுருங்கிவிடும். ஆனால் காலியாகிவிடாது. ஜிடி 1030, 30 வாட். குவாட்ரோ பி620, 40 வாட். குவாட்ரோ பி1000, 47 வாட். என்விடியா டி1000, 50 வாட். ஆர்டிஎக்ஸ் ஏ1000, 50 வாட். ரேடியான் ஆர்எக்ஸ் 6400, 53 வாட். ஒர்க்ஸ்டேஷன் கார்டுகள் என்ற பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். கேமும் ஓடும், எடிட்டிங்கும் ஓடும், ஒற்றை ஸ்லாட்டில் அடங்கவென்றே செய்யப்பட்டவை. பி1000-லும் டி1000-லும் மானிட்டர் முனைகள் எல்லாமே மினி டிஸ்ப்ளே போர்ட் என்பதால் அடாப்டர் கேபிளின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதா என்று பாருங்கள். அதே பெயரில் விற்கும் டிடிஆர்4 வகை வெகுவாகப் பின்தங்கும்.

ஆர்எக்ஸ் 6400 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஸ்எஃப்எஃப் பெட்டிக்காரர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் கார்டு அது. எக்ஸ்16 அளவில் இருந்தாலும் அதில் நான்கு லேன்கள்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. பிசிஐஇ 4.0 போர்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. 7050 போன்ற 3.0 போர்டில் வேகம் பாதியாகிறது. கேம் 4 ஜிபி மெமரியைத் தாண்டும்போது கார்டு ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டிவரும், அப்போது படம் திக்கித் திக்கி நகரும். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். இன்னொரு குறை, இந்தக் கார்டில் வீடியோ என்கோடர் கிடையாது. திரையைப் பதிவு செய்பவர்களும் எடிட் செய்பவர்களும் பிராசஸரில் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸையே அதற்கு நம்ப வேண்டியிருக்கும். அவர்களுக்கு டி1000 பொருத்தம். கேம் மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6400 போதும்.

இன்டெல் ஆர்க் ஏ310-ன் அரை உயர வடிவம் வாட்டிலும் அளவிலும் பல பெட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற பயாஸ் வசதி தேவை. அது இல்லாத போர்டில் கார்டு ஓடும், வேகம் மட்டும் ஏமாற்றும். 7-ஆம் தலைமுறை ஆப்டிப்ளெக்ஸில் அந்த வசதி இல்லை.

பயாஸ் என்ற கடைசிக் கதவு

கம்பெனிகள் பயாஸில் கார்டுகளின் பட்டியலை வைத்து மற்றவற்றை மறுக்கின்றன என்ற பயம் பரவலாக உண்டு. சில லேப்டாப்களில் வைஃபை கார்டுக்கு அப்படி ஒரு பூட்டு இருந்ததிலிருந்து வந்த பயம் அது. இந்த டெஸ்க்டாப்களில் கிராபிக்ஸ் கார்டு எழும்பாமல் போனால் பெரும்பாலும் காரணம் வேறு. புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐ முறையில் படத்தைத் தொடங்குகின்றன. எச்பி 8200 போன்ற 2011 காலப் பெட்டிகளின் பழைய பயாஸ், புதிய கார்டோடு ஃபேன் சுற்றியும் படம் வராமல் நின்றுவிடக் கூடும். 7050 வயதுப் பெட்டிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் அமைப்பை மாற்றினாலே தீரும்.

வேலை செய்ய வேண்டிய வரிசை முக்கியம். கார்டைச் செருகும் முன், பழைய படியே மானிட்டரை இணைத்துக்கொண்டு பயாஸைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு `F2` அழுத்தி உள்ளே போய், துவக்க முறை `UEFI` என்று இருக்கிறதா, `Primary Display` என்பது `Auto`-வில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால், முறையை மாற்றியதும் அது துவங்காது. அதை முதலில் மாற்றிக்கொள்ளாமல் அமைப்பைத் தொடாதீர்கள். பிறகு மின் வயரையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரம் வடிந்த பின் கார்டைச் செருகுங்கள். மானிட்டர் கேபிள் கார்டின் முனையில் இருக்க வேண்டும். போர்டின் முனையிலேயே விட்டுவிட்டு "கார்டு செத்துவிட்டது" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

செய்யக்கூடாத இரண்டு குறுக்கு வழிகள்

சாட்டா வயரிலிருந்து 6 பின் எடுக்கும் அடாப்டர் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியருக்கானது. மொத்தம் 54 வாட். 6 பின் கனெக்டர் கேட்க உரிமையுள்ளது 75 வாட். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இது கனெக்டரை உருக்கும் வேலை. டெல், எச்பி பெட்டிகளில் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த சாட்டா மின்சாரம் போர்டின் வழியாக, ஓரிரு டிஸ்க்கை எண்ணிப் போடப்பட்ட மெல்லிய பாதையில் வருகிறது. கருகினால் கருகுவது வயர் மட்டுமல்ல, போர்டும்தான். அந்தப் போர்டுக்கு மாற்று அதே மாடலின் போர்டு மட்டுமே.

மற்றொன்று, 24 பின்னை 6 பின்னாகவோ 8 பின்னாகவோ மாற்றும் அடாப்டரை வாங்கி, பெரிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைப் பெட்டிக்கு வெளியே வைத்து ஓட்டுவது. ஏடிஎக்ஸ் காத்திருப்பு நிலையில் 5 வோல்ட் தருகிறது, இந்தப் போர்டுகள் எதிர்பார்ப்பது 12-ஐ ஒட்டிய வோல்ட். நல்ல அடாப்டரில் இதற்கென வோல்ட்டை உயர்த்தும் சின்ன சர்க்யூட் இருக்கும், மலிவானதில் இருக்காது. அப்போது பெட்டி சில நேரம் எழும்பும், சில நேரம் எழும்பாது, தூக்கத்திலிருந்து விழிக்காது. எல்லாம் சரியாக நடந்தாலும் கையில் இருப்பது மூடி மூடாத, வயர் வெளியே தொங்கும் பெட்டி. எஸ்எஃப்எஃப்புக்கு இந்தச் செலவு தகாது.

போட்ட பிறகு சோதிப்பது

படம் வந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. முதலில் `GPU-Z` திறந்து `Bus Interface` வரியைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 என்றால் `x4 3.0` என்ற பகுதி அதில் வர வேண்டும். சும்மா இருக்கும்போது 1.1 காட்டும், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திக் கார்டை ஓடவிட்டால் உண்மை எண் வரும். ஓடும்போதும் `x1` காட்டினால் கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்காரவில்லை. ஒல்லிப் பெட்டிகளில் தகட்டின் பூட்டு கார்டைச் சற்றே சாய்த்துவிடுவதால் இது நடக்கும்.

பிறகு சுவர் பிளக்கில் ஒரு வாட் மீட்டரை மாட்டி, கார்டை மட்டும் பதினைந்து நிமிடம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். அடுத்துப் பிராசஸரையும் சேர்த்து ஓட்டுங்கள். மீட்டர் காட்டுவது சுவரிலிருந்து போகும் வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 85 சதவீதம் என்று கொண்டால், மீட்டரில் 165 இருந்தால் உள்ளே போவது 140. நாம் வைத்த 144-க்குள் அடங்குகிறது. மீட்டர் 200-ஐத் தொட்டால் உள்ளே 170, எல்லையில் நிற்கிறீர்கள்.

சுமை ஏறியவுடன் திரை உறையாமல், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பெட்டி சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொண்டது என்று பொருள். அடுத்த முறை எழும்பியதும் விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் `Kernel-Power` `41` பதிவாகியிருக்கும். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு வேகம் மட்டும் குறைந்தால் அது சூடு. மூடியைத் திறந்துவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். திறந்தால் சரியாகிறது, மூடினால் திரும்ப வருகிறது என்றால் காற்றோட்டம்தான் காரணம், எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட வேண்டியதில்லை. படம் அணைந்து ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் டிரைவரையும் கார்டையும் சந்தேகியுங்கள். பல ஆப்டிப்ளெக்ஸ் பெட்டிகளின் பின்னால், மின் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டனும் பச்சை விளக்கும் உண்டு. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸே பழுது, கார்டை மாற்றிப் பயனில்லை.

75 வாட்டுக்கு மேல் கேட்கும் கார்டுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள் எஸ்எஃப்எஃப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே காலத்து டவர்களில் சிலவற்றுக்கு வழி உண்டு. ஆப்டிப்ளெக்ஸ் 9020 மினி டவரில் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் உட்காரும், 24 பின்னை டெல்லின் 8 பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டால் 6 பின் வயர் கொண்ட முழு உயரக் கார்டு ஓடும். உள்ளங்கை அளவு மைக்ரோ, டைனி பெட்டிகளுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்லாட்டே இல்லை. லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி320 டைனி, பி330 டைனி போன்ற சில மாடல்களில் மட்டும் ரைசர் வழியாக ஒரு சின்னக் குவாட்ரோ கார்டு உட்காரும். அங்கேயும் அடாப்டரின் வாட்டைப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.